சீந்தில் பொடியும் மஞ்சள் காமாலையும்

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது, தைராய்டு உண்டு. எதிர்ப்புச் சக்திக்காக இரண்டு மாதமாகத் தினமும் சீந்தில் பொடி சாப்பிட்டார். இப்போது பசியில்லை, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகிறது. எஸ்.ஜி.பி.டி. 640, பிலிருபின் 5.2. உறவினர் ஒருவர் லிவர் டீடாக்ஸ் சிரப் தரச் சொல்கிறார். தரலாமா?

பதில்: வேண்டாம். பொடியையும் இன்றே நிறுத்துங்கள். ஆனால் டப்பாவைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எஸ்.ஜி.பி.டி. பொதுவாக 40-க்குள் இருக்கும். 640 என்றால் கல்லீரல் செல்கள் உடைகின்றன என்று பொருள். அதோடு காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபினும் ஏறியிருப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பில் இவை இரண்டும் இப்படிச் சேர்ந்து உயர்ந்தால், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உயிராபத்து அல்லது மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் நிலை வரலாம். அதனால் நாளைக்குள் கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை கட்டாயம் வேண்டும். கல்லீரல் இன்னும் தன் வேலையைச் செய்கிறதா என்பது அதில்தான் தெரியும். அம்மா தூங்கிக்கொண்டே இருந்தாலோ பேச்சு குழறினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சீந்தில் பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அதைக் குடித்தபோது, 2021-இல் மும்பை மருத்துவர்கள் ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததைப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு, இந்தியாவில் 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளியானது. பாதிப்பு பெரும்பாலும் ஒன்றரை மாதத்தையொட்டித் தெரிந்தது. எதிர்ப்பு மண்டலம் தன் கல்லீரலையே தாக்கும் நோயின் சாயல் பலரிடம் இருந்தது. தன்னெதிர்ப்பால் வரும் தைராய்டு கோளாறு போன்ற நோய் உள்ளவர்களுக்கு, உள்ளே உறங்கும் அந்தக் கோளாறைச் சீந்தில் தட்டி எழுப்பலாம் என்பது மருத்துவர்களின் கணிப்பு. அம்மாவின் தைராய்டை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

அதற்காகப் பழியை உடனே சீந்தில் மேல் போட்டுவிட முடியாது. ஏ, பி, சி, ஈ வைரஸ்கள் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். தன்னெதிர்ப்பு நோய் உண்டா என்று அறிய ஏ.என்.ஏ., ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனைகள் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் பயாப்ஸியும் எடுப்பார்கள். பொடியை நிறுத்தியதும் பலருக்குச் சில வாரங்களில் அளவுகள் இறங்கிவிடும். சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்படும்.

சிரப் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். எந்த நச்சை எவ்வளவு வெளியேற்றுகிறது என்று அந்தப் பாட்டில்களில் இருக்காது. அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது போன்ற வேலைகளைக் கல்லீரலே செய்கிறது. டீடாக்ஸ் அதை வேகப்படுத்துவதாக நம்பத்தக்க ஆய்வு எதுவும் இல்லை. பொடியை நிறுத்தியதால் குணமாகும்போது பெயர் சிரப்புக்குப் போய்விடும். தானாகவே ஆறிவிடும் ஏ வகைக் காமாலையில் கீழாநெல்லிக்குப் பெயர் கிடைப்பதும் இப்படித்தான். சிரப்பில் நான்கைந்து மூலிகைகள் கலந்திருந்து நாளை அளவுகள் மேலும் ஏறினால், எதனால் ஏறியது என்று எங்களாலும் சொல்ல முடியாது.

அம்மா குணமான பிறகும் சீந்திலை எந்த வடிவிலும் திரும்பக் கொடுக்காதீர்கள். மறுமுறை பாதிப்பு சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரக்கூடும். கஷாயப் பொடிகள், எதிர்ப்புச் சக்தி மாத்திரைகளின் லேபிளில் ‘குடூச்சி’, ‘கிலோய்’, ‘அம்ருதா’ என்ற பெயர்கள் இருந்தாலும் அதே கொடிதான்.