பிளேட்லெட் எங்கே போகிறது?

அன்புள்ள டாக்டர்,

என் தங்கைக்கு 34 வயது, எடை 50 கிலோ. தொடையில் நீலத் திட்டுகள், காலில் சிவப்புப் புள்ளிகள். தக்கலையில் பார்த்தபோது பிளேட்லெட் 12,000. டெங்கு இல்லை, ஐடிபி என்றார்கள். மறுநாள் பேச்சு குழறியது. நாகர்கோவிலில் இது டிடிபி, பிளேட்லெட் ஏற்றக் கூடாது, பிளாஸ்மாவை மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஹீமோகுளோபின் 7.4, எல்டிஹெச் 1,450, பிலிருபின் 3.1, கிரியாட்டினின் 1.1. குறைந்ததை ஏற்றுவதுதானே முறை?

வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

பிளாஸ்மா மாற்ற இப்போதே சம்மதம் கொடுங்கள், மீதியைப் பிறகு வாசிக்கலாம். சிகிச்சை இல்லாவிட்டால் டிடிபியில் பத்துக்கு ஒன்பது பேர் தப்புவதில்லை. பிளாஸ்மா மாற்றினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

ஐடிபியில் உடலே பிளேட்லெட்டுக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்குகிறது. அது ஒட்டிய பிளேட்லெட்டை மண்ணீரல் பிடித்து அழித்துவிடும். எலும்பு மஜ்ஜையில் புதிதாக உருவாவதும் குறையும். ஆனால் ரத்தக்குழாய்க்குள் எதுவும் அடைப்பதில்லை. அதனால் பிளேட்லெட் மட்டும் குறைந்திருக்கும். ரத்தம் நிறையப் போயிருந்தால் ஒழிய ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கும். ஸ்டீராய்டில் பலருக்கும் ஏறிவிடும்.

டிடிபியில் ஆன்டிபாடியின் குறி வேறு. பிளேட்லெட்டை ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் நீண்ட இழைகளாக ரத்தத்துக்குள் வருகிறது. அதைத் துண்டு துண்டாக வெட்டுவது அடாம்ட்ஸ்-13 என்ற நொதி. ஆன்டிபாடி இந்த நொதியை முடக்கிவிட்டால் இழைகள் வெட்டுப்படாமல் நீளமாகவே நிற்கும். பிளேட்லெட்டுகள் அவற்றில் ஒட்டி, மூளை, இதயம் போன்ற இடங்களின் நுண்குழாய்களை அடைக்கும். உங்கள் தங்கையின் பிளேட்லெட் குறைந்தது இந்த அடைப்புகளில் செலவாகித்தான். பேச்சு குழறியதும் இதனால்தான்.

அடைப்பை உரசிக்கொண்டு போகும் சிவப்பணுக்கள் கிழிபடுகின்றன. அதனால்தான் ஹீமோகுளோபின் 7.4. உடைந்த அணுக்களிலிருந்து வந்தவைதான் ஏறிய எல்டிஹெச்சும் பிலிருபினும். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் ஸ்மியர் ரிப்போர்ட்டில் ‘ஷிஸ்டோசைட்’ என்று இருக்கிறதா பாருங்கள். கிழிந்த சிவப்பணுவுக்கு அதுதான் பெயர். ஐடிபியில் அது இருக்காது. மழைக்காலத்தில் நம் மாவட்டத்தில் பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்று எண்ணைத்தான் பார்க்கிறார்கள். பக்கத்து வரியில் இருக்கும் ஹீமோகுளோபினை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இந்நிலையில் பிளேட்லெட் ஏற்றினால் அடைப்புக்கு மேலும் தீனி கிடைக்கலாம். உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு இருந்தால்தான் அதை யோசிப்பார்கள். பிளாஸ்மா மாற்றும்போது ஆன்டிபாடி வெளியேறும், கொடையாளரின் பிளாஸ்மாவோடு நொதி உள்ளே வரும். 50 கிலோ எடைக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2 லிட்டர், அதாவது பத்துப் பை வேண்டும். பிளேட்லெட் ஒன்றரை லட்சத்தைத் தாண்டி இரண்டு நாள் நிற்கும்வரை தினமும் செய்வார்கள். ரத்த வங்கியில் இப்போதே சொல்லிவையுங்கள். இயந்திரம் தயாராகத் தாமதமானால் அதுவரை பிளாஸ்மாவை ட்ரிப்பாகவாவது ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். ஆன்டிபாடியை அடக்க ஸ்டீராய்டும் கூடவே போகும்.

அடாம்ட்ஸ்-13 பரிசோதனைக்கான ரத்தத்தை முதல் பை பிளாஸ்மா ஏறும் முன்பே எடுத்தாக வேண்டும். பிறகு எடுத்தால் கொடையாளரின் நொதியும் கலந்து, முடிவு தப்பாகும். 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் டிடிபி உறுதி. அந்த முடிவு வர நாளாகும். அதற்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது.