ஆஃபரை ஏற்கும் முன் கம்பெனியை விசாரிப்பது: கேள்வி பதில்

அக்கா, ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி ஆஃபர் தந்திருக்கிறது. ஊழியர்கள் ரிவ்யூ எழுதும் ஆம்பிஷன்பாக்ஸ் தளத்தில் ரேட்டிங் 4.1. நம்பிச் சேரலாமா?

ரேட்டிங்கை விடுங்கள், ரிவ்யூக்களைத் தேதிவாரியாகப் படியுங்கள். ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பேர் ஐந்து நட்சத்திரம் போட்டு, குறை என்ற இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தால், அது ஹெச்ஆர் கேட்டு வாங்கியதாக இருக்கலாம். மூன்று நட்சத்திரம் தந்தவர்கள்தான் நல்லது கெட்டது இரண்டையும் எழுதுவார்கள். வெவ்வேறு வருடத்தில், வெவ்வேறு டீமில் இருந்தவர்கள் ஒரே குறையைச் சொன்னால் அதை நம்பலாம்.

ரிவ்யூ எல்லாம் கோபத்தில் வெளியே போனவர்கள் எழுதுவது. அதைப் போய்ப் படிக்கச் சொல்கிறீர்களே?

பாதி சரி. "மேனேஜர் மோசம்" என்பதைத் தள்ளிவிடுங்கள். "மூன்று மாதமாகச் சனிக்கிழமையும் வேலை, பதிலுக்குக் காம்ப் ஆஃப் லீவும் கிடையாது" என்பது கோபத்தில் எழுதியதே ஆனாலும் விசாரித்துப் பார்க்கக்கூடிய தகவல்.

உள்ளே இருக்கும் நண்பன் சூப்பர் கம்பெனி என்கிறான். போதாதா?

அவர் மூலம் நீங்கள் சேர்ந்தால் அவருக்கு ரெஃபரல் போனஸ் உண்டா என்று முதலில் கேளுங்கள். பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவர் டீம் வேறு, உங்கள் டீம் வேறு. லிங்க்ட்இனில் உங்கள் டீமிலிருந்து கடந்த ஒரு வருடத்தில் விலகியவர்களைத் தேடி, பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். "கல்ச்சர் எப்படி" என்றால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "கடைசி மாதம் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்?" என்று கேளுங்கள்.

இன்டர்வியூவில் என்ன கேட்பது, மேடம்?

"இந்த இடத்தில் எனக்கு முன் இருந்தவர் எங்கே?" இதை ஹெச்ஆர், மேனேஜர், டீம் ஆள் மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். நான் ஒருமுறை கேட்டபோது மேனேஜர், "வேறு டீமுக்கு மாறிவிட்டார்" என்றார். அன்று மதியம் டீமில் ஒரு பையன், "யாரைக் கேட்கிறீங்க மேடம்?" என்று திருப்பிக் கேட்டான். ஒரு வருடத்தில் மூன்று பேர் போயிருந்தார்கள். சம்பளத்துக்காகச் சேர்ந்தேன், ஐந்தாவது மாதம் நானும் வெளியே வந்தேன்.

இப்படிக் கேட்டதற்கு எனக்கு வந்த ஆஃபரையே நிறுத்திவிட்டார்கள். தப்பான யோசனை சொல்லாதீர்கள்.

எப்போது கேட்டீர்கள்? முதல் ரவுண்டில் கேட்டால் அப்படி நடக்கலாம். ஆஃபர் கைக்கு வந்த பிறகு, இப்போதைய வேலையை ராஜினாமா செய்து பேப்பர் போடும் முன் கேளுங்கள். 90 நாள் நோட்டீஸ் ஓடத் தொடங்கிவிட்டால் உங்களால் எதையும் பேச முடியாது.

ஆஃபர் லெட்டர் வந்த பிறகுதான் கேட்டேன். நான் ஃப்ரெஷர்.

அப்படியென்றால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அனுபவம் உள்ளவரைப் பொறுத்துக்கொள்ளும் கம்பெனி ஃப்ரெஷரைப் பொறுத்துக்கொள்ளாது. நீங்கள் மேனேஜரை விட்டுவிட்டு, விலகியவர்களிடம் மட்டும் கேட்டிருக்கலாம்.

ஹைக் எத்தனை சதவீதம் கேட்கலாம்?

சம்பளம் இன்றைய பேச்சில் இல்லை.

ரேட்டிங் 3.8, சேரலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். இதற்கு மேல் ரேட்டிங் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். பேப்பர் போடும் முன் விசாரியுங்கள்.