கீரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையே, ஏன்?

வடசென்னையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ரத்தசோகை குறித்துப் பேசி முடித்தபின், மாணவியரும் தாய்மார்களும் சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை சமைக்கிறேன். ஆனாலும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஹீமோகுளோபின் 10.2தான் இருக்கிறது. ஏன்?

இந்த வயதுப் பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தாலே ரத்தசோகைதான்; 10.2 என்பது மிதமான நிலை. உங்கள் மகள் மாலையில் பள்ளி விட்டு வந்ததும் கீரையும் சோறும் சாப்பிட்டுவிட்டு, கையோடு டீயும் குடிப்பதாகச் சொன்னீர்கள். கீரையில் உள்ள இரும்புச்சத்தில் சிறு பங்கையே குடல் உறிஞ்சும். டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் அந்தச் சிறு பங்கையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரமாவது விடுங்கள். பொரியலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகிவிடும்.

போகிறபோக்கில், மாதவிடாய் எட்டு நாள் நீடிப்பதாகவும் நீங்கள் சொன்னீர்கள். என் பார்வையில் டீயைவிட அதுவே முக்கியமான தடயம். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்துவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த அளவில் உணவு மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படும். ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஒரு கிராம் ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அளவு சரியான பிறகும், உடலின் இருப்பு நிரம்புவதற்காக, சுமார் மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும்.

பீட்ரூட் ஜூஸ் குடித்தால் ரத்தம் ஊறுமா?

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் பரிந்துரைக்கப்படுகிறது.

சுவரொட்டி நல்லது என்று பாட்டி சொல்கிறார். உண்மையா?

பாட்டி சொல்வது சரிதான். ஆட்டு மண்ணீரலில் இரும்பு மிகுதி. அசைவ இரும்பு எளிதில் உடலில் சேரும். சைவர்கள், ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டலில் மாங்காய்த் துண்டுகளைச் சேர்த்துச் சாப்பிடலாம்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையால் வயிறு புரட்டுகிறது. மலம் கருப்பாகப் போகிறது.

கருப்பு நிறம் இரும்பினால் வருவது, பயப்பட வேண்டாம். வெறும் வயிற்றில் போட்டால்தான் புரட்டல் அதிகம். சாப்பிட்ட பின் தண்ணீருடன் விழுங்குங்கள்; டீயோ பாலோ வேண்டாம்.

எனக்குப் பச்சரிசி மெல்ல வேண்டும் போல் இருந்துகொண்டே இருக்கிறது. அம்மா திட்டுகிறார்.

திட்டித் திருத்தக்கூடிய பழக்கமன்று இது. இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாகவே அரிசி, சாக்பீஸ், மண் மீது இப்படி ஆசை எழுவதுண்டு. மாத்திரை தொடங்கியபின் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அந்தச் சீட்டில் பெயர் இல்லை. எழுதிய மாணவி இதைத் தாயாரிடம் காட்டி, இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.