அப்பா வைத்தியத்துக்கு அப்பா காசு

அக்கா, அப்பா போய் ரெண்டு மாசம் ஆச்சு, அம்மா முன்னாடியே இல்ல. கடைசி நாலு மாசம் ஆஸ்பத்திரி செலவு 6,60,000 ரூபாய் நான் நகைய அடகு வெச்சு கட்டுனேன். அப்பா பேர்ல ஒன்பது லட்சம் டெபாசிட், அம்மாபேட்டையில வீடு. பாகம் பிரிக்கறதுக்கு முன்னாடி அண்ணனும் தம்பியும் ஆளுக்கு 3,30,000 குடுங்கன்னேன். பெத்தவருக்கு செஞ்சத கணக்கு போடறியான்னு கேக்கறாங்க, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போடச் சொல்றாங்க. கேட்டது தப்பா? ஊரு என்ன சொல்லும்?
– வாசகி, சேலம்

கண்ணு, ஊர விடு, உன் அடகு வட்டிய ஊரு கட்டல. கேட்டது தப்பில்ல. கேட்ட தொகைதான் தப்பு.

நீயும் அவருக்கு புள்ளதான, அப்ப உன் பங்குச் செலவு எங்க போச்சு? ரெண்டு பேரும் 3,30,000 குடுத்துட்டா உன் காசு முழுசா திரும்பிடுது, அப்பா வைத்தியத்துக்கு நீ பத்து பைசா செலவு பண்ணாத கணக்கா ஆயிடுது. அண்ணனுக்கு அதான் சுருக்குன்னு இருக்கு, அவனுக்கு சொல்லத் தெரியாம கணக்கு போடறியான்னு கத்தறான். இப்படி பாரு. ஒன்பது லட்சத்துல 6,60,000 முதல்ல உனக்கு, மீதி 2,40,000, அத மூணா பிரிச்சா ஆளுக்கு 80,000. எல்லாருக்கும் மூணு லட்சம் வர வேண்டிய எடத்துல 80,000 வருது, அதாவது அப்பா வைத்தியத்துக்கு உன்னையும் சேத்து ஆளுக்கு 2,20,000 போயிருக்கு. இத ஒரு பேப்பர்ல எழுதி அவங்க முன்னாடி வை. அவங்க பாக்கெட்ல கை விட வேண்டியதே இல்ல, அப்பா காசு அப்பாவுக்கு செலவாகியிருக்கு, அவ்வளவுதான்.

இப்ப உன்ன திட்டணும். ஒன்பது லட்சம் பேங்க்ல தூங்கும்போது நீ எதுக்கு நகைய அடகு வெச்ச? படுத்திருக்கறவர்கிட்ட கையெழுத்து கேக்க கூச்சம், அதான? கை நடுங்கி கையெழுத்து போட முடியாதவங்க கைநாட்டு வெச்சே பணம் எடுக்கலாம், கையும் முடியலன்னா கால் பெருவிரல் ரேகை கூட போதும், ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் அதிகாரி. நெனவோட இருக்கும்போதே செய்யணும், நெனவு தப்புனா கஷ்டம். அன்னிக்கே எடுத்திருந்தா இன்னிக்கு இந்தப் பேச்சே இல்ல.

சட்டம் சுருக்கமா சொல்றேன். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 320-ம் பிரிவு, நியாயமான ஈமச்செலவும் டாக்டர் ஃபீஸ் உட்பட மரணப்படுக்கைச் செலவும் மத்த கடனுக்கு முன்னாடி சொத்துலருந்து போகணும்னு சொல்லுது. ஆனா உன் நாலு மாசமும் அதுல அடங்கிடும்னு நெனைக்காத. வழக்குன்னு போனா எதிர் வக்கீல், பொண்ணு பாசத்துல செஞ்சது, பெத்தவர பாக்கறது புள்ளைங்க கடமைன்னுதான் வாதாடுவாரு. அப்ப உனக்கு கை குடுக்கறது, இப்ப நான் கட்டறேன் அப்புறம் பாத்துக்கலாம்னு நீ அண்ணனுக்கு அனுப்புன வாட்ஸ்அப் மெசேஜ் ஏதாச்சும் இருந்தா அதுதான். தேடு. பில்லு அப்பா பேர்லதான் இருக்கும், அதனால பணம் உன் கணக்குலருந்து போனதுக்கு ஸ்டேட்மென்ட் எடு. விடுதலைப் பத்திரத்துல மட்டும் இப்ப கை வெச்சிடாத, அதுல கையெழுத்து போட்டா சொத்துல உன் பங்கே போயிடும். பாகப்பிரிவினைப் பத்திரத்துலயே இந்தத் தொகைய கழிச்சுக்கிட்டதா ஒரு வரி எழுதச் சொல்லு.

ஆனா ஒண்ணு, வரவயும் காட்டணும். அந்த நாலு மாசத்துல அப்பா பென்ஷன ஏடிஎம்ல யாரு எடுத்தா? இன்சூரன்ஸ் ஏதாச்சும் வந்துச்சா? செலவ மட்டும் காட்டற கணக்க யாரும் நம்ப மாட்டாங்க, நம்பவும் கூடாது.

எனக்கு இது எங்கண்ணன் சொல்லிக் குடுத்தது. எங்கம்மாவ ஏற்காட்டுலருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் எறக்கி சேலத்துக்கு கூட்டிட்டு வந்தது அண்ணன்தான், மடியில தலைய வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு வளைவுலயும் அம்மா முனகுவாங்களாம். நான் வெளியூர்ல இருந்தேன், வாரம் ஒரு போன் பண்ணுவேன். கருமாதி முடிஞ்ச மறுநாள் ஒரு நோட்ட எடுத்து எங்க முன்னாடி வெச்சான். எனக்கு வந்த கோவம்! அம்மாவுக்கு பில்லு போட்டியாடான்னு எல்லாரும் இருக்கும்போதே கேட்டுட்டேன். ஒண்ணும் பேசல. ராத்திரி தனியா பிரிச்சுப் பாத்தா எடது பக்கம் வரவு, அம்மா பென்ஷன், காப்பிக்கொட்டை வித்த காசு, நான் அனுப்பியே மறந்து போன ஐயாயிரம் கூட தேதியோட இருக்கு. வலது பக்கம் செலவு, ஊசி, ரத்தம், ரூம் வாடகை, ஆயாவுக்கு குடுத்தது.

அதுல அங்கங்க ஒரு வரி மட்டும் அடிச்சிருந்துச்சு, அடியில கூட்டுத்தொகையிலயும் சேக்கல. விளக்கு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன், ஆரஞ்சுப்பழம். காலையில அண்ணன்கிட்ட கேட்டேன். அது நான் எங்கம்மாவுக்கு வாங்கிட்டுப் போனதுடின்னான்.