மின்னஞ்சலில் "முன்கூட்டியே நன்றி" போடலாமா?

"உதவி கேட்டு எழுதும் மின்னஞ்சலைக் கடைசியில் 'முன்கூட்டியே நன்றி' என்று முடிக்கலாமா? சிலர் அது அதிகாரம் பண்ணுவதுபோல இருக்கிறது என்கிறார்கள்."

படிப்பவருக்கு மறுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்குப் பிரிவில் படிவம் 16 கேட்கிறீர்கள் என்றால் அதைத் தருவது அவர்கள் வேலை. அங்கே தாராளமாகப் போடலாம்.

பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது அப்படியல்ல. எழுதலாமா வேண்டாமா என்பது அவர் முடிவு. "வெள்ளிக்குள் அனுப்பிவிடுங்கள் ஐயா, முன்கூட்டியே நன்றி" என்றால் அவர் ஒப்புக்கொண்டதாக நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். உறுத்துவது நன்றியைவிட, அதற்கு முன்னால் நிற்கும் கெடுதான். இப்படிக் கேட்கலாம்: "கடைசி நாள் மார்ச் 20. உங்களுக்கு நேரம் இருக்குமா ஐயா? இயலாவிட்டால் சொல்லுங்கள், வேறு ஒருவரைக் கேட்கிறேன். படித்துப் பார்த்ததற்கு நன்றி." அவர் சரி என்ற பிறகு முழு நன்றி சொல்லுங்கள்.

மின்னஞ்சல் கருவி செய்யும் பூமராங் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அலசலில், ஆங்கிலத்தில் 'முன்கூட்டியே நன்றி' என்று முடிந்த மடல்களில் சுமார் 66 விழுக்காட்டுக்குப் பதில் வந்திருந்தது. ஆனால் அவை திறந்த மடற்குழுக்களில் எழுதப்பட்டவை. யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம், விருப்பமில்லாதவர் பேசாமல் கடந்துவிடலாம். தனி ஒருவருக்கு எழுதும்போது அந்த வசதி அவருக்குக் கிடையாது.