ஒரே மதிப்பெண் எடுத்த ரெஸ்யூமேக்களில் எது முதலில்?

"ரெண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண். ஷார்ட்லிஸ்டில் யாரை மேலே வைப்பது?"

எந்த அளவுகோலை முதலில் பார்ப்பது என்பதை ரெஸ்யூமேக்களைத் திறக்கும் முன்பே எழுதி வையுங்கள். பெயர்களைப் பார்த்த பிறகு விதி போட்டால், அது பிடித்தவருக்குத் தோதாகத்தான் அமையும்.

இருவரும் 78 என்று வையுங்கள். ஒருவர் தொழில்திறனில் 40-க்கு 34, அனுபவத்தில் 30-க்கு 24, எழுத்துத்திறனில் 30-க்கு 20. மற்றவர் 30, 26, 22. வேலைக்குத் தொழில்திறன்தான் முக்கியம் என்று எழுதியிருந்தால் முதலாமவர் மேலே. அதுவும் சமமென்றால் அனுபவம். எல்லாமே ஒன்றானால் இருவரையும் நேர்காணலுக்கு அழையுங்கள். இடமில்லையென்றால் சாட்சியோடு குலுக்கல்.

அப்புறம், எக்செலில் மதிப்பெண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் சமமானவர்கள் பழைய வரிசையிலேயே நிற்பார்கள். பட்டியல் அகரவரிசையில் இருந்திருந்தால் பெயரின் முதலெழுத்தே முடிவெடுத்துவிடும்.