மூன்று பக்க ராஜினாமா

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் கன்டென்ட் ரைட்டராக இருக்கிறேன். கடைக்காரர்கள், பட்டறைக்காரர்களுக்கான கணக்கு மென்பொருள். அவர்களுக்கான கட்டுரைகள் எல்லாம் நான் எழுதியவை. செப்டம்பர் 6 வந்தால் ஐந்து வருடம் முடிகிறது. அதுவரை பொறுக்க முடியாது. இந்த வாரம் கடிதம் கொடுத்தால் இரண்டு மாத நோட்டீஸ் முடிந்து ஜூலையில் வெளியே வந்து, முழுநேரமும் ஃப்ரீலான்ஸாக எழுதலாம். ராஜினாமா கடிதத்தை இணைத்திருக்கிறேன், மூன்று பக்கம் வந்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் பற்றி நான் எழுதிய கட்டுரை எம்.டி. பெயரில் வந்ததையும் அதில் சொல்லியிருக்கிறேன். சொல்லலாமா? தனியாக எழுதிப் பிழைக்க முடியுமா? அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ச., அம்மாபேட்டை

அன்புள்ள ச.,

அப்பா பேசுவார். முதல் பில்லுக்குப் பணம் வரட்டும். பிழைக்க முடியுமா என்பதை உங்கள் சேமிப்புக் கணக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும், உங்கள் நடையைப் பார்த்து அல்ல. கடிதத்துக்கு வருகிறேன்.

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், அதுதான் அதில் உள்ள கோளாறு. இரண்டாம் பக்கத்தில் கொலுசுக்குச் சலங்கை வைக்கும் அந்தப் பெண்மணியைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதைக் கொண்டுபோய் எச்.ஆர். கோப்பில் வைக்கிறீர்களே, உங்களுக்கு என்ன கிறுக்கா? அதை வெட்டி எடுத்து ஒரு பத்திரிகைக்கு அனுப்புங்கள்.

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். வேலையை விடுகிறவர்கள் சாயங்காலத்தில் அவரைத் தேடி வீட்டுக்கே வருவார்கள், மனு எழுதித் தரச் சொல்லி. அவர் கேட்பது மூன்றே கேள்வி. எந்தத் தேதியிலிருந்து நிற்கிறாய்? சாவி, நோட்டு எல்லாம் யாரிடம் ஒப்படைத்தாய்? உனக்கு என்ன பாக்கி வரணும்? வந்தவர், "மேஸ்திரி என்னைப் பேசின பேச்சையும் ரெண்டு வரி எழுதுங்க சாமி" என்பார். "அதை டீக்கடையில சொல்லு. இதுல எழுதினா பாக்கியைக் குடுக்காம உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவான்" என்பார் அப்பா. அந்தக் கேள்விகளைத்தான் உங்கள் கடிதத்திலும் தேடினேன். மூன்று பக்கத்தில் கடைசி வேலை நாள் எது என்று ஓர் இடத்தில்கூட இல்லை.

தேதி சும்மா வருவதில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, பத்து பேராவது இருக்கும் நிறுவனம் பணிக்கொடை தர வேண்டும். கடைசியாக வாங்கிய மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு உரியது. உங்களுக்கு அது மாதம் 26,000 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 15,000, ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபாய். ஜூலையில் கிளம்பினால் இதை மேசைமேல் வைத்துவிட்டு வருகிறீர்கள். நான்கு வருடமும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அலைய உங்களுக்கு நேரம் இருக்காது. நோட்டீஸ் செப்டம்பரில் முடிகிற மாதிரி ஜூலையில் கொடுக்கலாமே என்பீர்கள். அதுவும் வேண்டாம். சில கம்பெனிகள் கடிதம் வந்த அன்றே நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கொடுத்து, "நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்று அனுப்பிவிடும். அப்போது ஐந்து வருடம் நிறைந்ததா இல்லையா என்று வாதாட வேண்டிவரும். செப்டம்பர் 6 தாண்டட்டும், அடுத்த வாரம் கொடுங்கள்.

கடிதம் இவ்வளவுதான்:

"கன்டென்ட் ரைட்டர் பணியிலிருந்து விலகுகிறேன். பணி நியமன ஆணைப்படி 60 நாள் நோட்டீஸ் கணக்கில் என் கடைசி வேலை நாள் இன்ன தேதி. கையில் உள்ள கட்டுரைகளையும் கடவுச்சொற்களையும் நீங்கள் சொல்பவரிடம் ஒப்படைக்கிறேன். பணிவிடுப்புக் கடிதம், அனுபவச் சான்று, இறுதிக் கணக்கு ஆகியவற்றைத் தர வேண்டுகிறேன்."

மேலாளருக்கு மெயில், எச்.ஆருக்குப் பிரதி. நன்றி சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஒரு வரி. காரணம் வேண்டாம்.

இனி எம்.டி. பெயரில் வந்த கட்டுரை. உங்கள் கேள்வி "சொல்லலாமா" என்பது. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: அடுத்த வாடிக்கையாளரிடம் எதைக் காட்டப்போகிறீர்கள்? ஐந்து வருடம் எழுதியதில் உங்களுடையது என்று சட்டப்படி ஏறக்குறைய எதுவும் இல்லை. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி என்கிறது, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை. எடுத்து உங்கள் தளத்தில் போட முடியாது, வேறெங்கும் விற்கவும் முடியாது. எழுதியவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு உங்களுக்கே விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இங்கேதான் ஏமாறுகிறார்கள். சுட்டி இருக்கிறதே, போதும் என்று நினைக்கிறார்கள். நான் ஒரு காலத்தில் எழுதிக் கொடுத்த இடத்தில், நான் விலகியபின் தளத்தைப் புதுப்பித்தார்கள். என் பெயர் இருந்த இடத்திலெல்லாம் "எடிட்டோரியல் டீம்". சில சுட்டிகள் திறக்கவே இல்லை. மிச்சமிருந்தவற்றில் வேறொருவர் புகுந்து ஆண்டை மாற்றி, விதிகளை மாற்றி, வாக்கியங்களையும் மாற்றியிருந்தார். அதை அனுப்பியிருந்தால் யாரோ செய்த பிழைகளுக்கு நான் பாராட்டு வாங்கியிருப்பேன்.

ஆகவே நோட்டீஸ் காலத்தின் முதல் வாரத்திலேயே, ராஜினாமாவோடு சேர்க்காமல் தனி மெயில் அனுப்புங்கள். ராஜினாமாவில் கோரிக்கை கலந்தால் நிபந்தனை மாதிரி வாசிப்பார்கள். உங்கள் பெயரில் வந்தவற்றில் சிறந்த ஏழெட்டின் தலைப்பையும் தேதியையும் எழுதி, "இவற்றை எழுதியவர் நான் என்று குறிப்பிடவும், பிரதியை வேலை மாதிரியாகக் காட்டவும் அனுமதி வேண்டும்" என்று கேளுங்கள். ஒப்படைக்க வேண்டிய வேலை உங்கள் கையில் இருக்கும்வரை பதில் சீக்கிரம் வரும். கடைசி நாள் சாயங்காலம் ஆபீஸ் மெயில் மூடிவிடும், ஆகவே அந்த மெயிலில் உங்கள் சொந்த முகவரியையும் சேர்த்துவிடுங்கள். வெளியான பக்கங்களை மட்டும், தேதியும் பெயரும் தெரிய, பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள். web.archive.org தளத்திலும் சேமித்துவிடுங்கள். வெளிவராத வரைவுகளையும், எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்களையும் தொடாதீர்கள். அது கம்பெனி ரகசியம், அதை எடுத்தால் குற்றவாளி நீங்கள்தான்.

கொலுசுக் கட்டுரையை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். வலிக்கும், தெரியும். எம்.டி.க்காக எழுதிக் கொடுத்ததை வெளியே சொல்கிறவர் என்று பெயர் வாங்கினால், பிறர் பெயரில் எழுதிக் கொடுக்கும் வேலைக்கு அடுத்தவர் கூப்பிட மாட்டார். தனியாக எழுதுபவர்களுக்கு நல்ல காசு வருவதே அந்த வேலையில்தான். பட்டறைக்குத் திரும்பப் போய், அந்தப் பெண்மணியிடம் புதிதாகப் பேசி, உங்கள் பெயரில் வேறொன்று எழுதுங்கள்.

இன்னொன்று. பழைய கம்பெனியே "கட்டுரைக்கு இவ்வளவு, வெளியிலிருந்து எழுதிக் கொடுங்கள்" என்று கூப்பிடும், பாருங்கள். அப்போது நீங்கள் ஊழியர் இல்லை, நீங்களே முதல் உரிமையாளர். எழுத்தில் ஒப்படைத்தால்தான் உரிமை அவர்களுக்குப் போகும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தில் "என்றென்றைக்கும், உலகம் முழுவதும்" என்று இருந்தால் விலையைக் கூட்டிக் கேளுங்கள். அந்தப் பேச்சே, பணிவிடுப்புக் கடிதமும் இறுதிக் கணக்குப் பணமும் கைக்கு வந்த பிறகுதான். நோட்டீஸ் காலத்தில் யாருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுக்காதீர்கள், பில் போடாதீர்கள்.